குழுவைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசக் கேட்டு மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சல்: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் மின்னணுப் பிரிவில், ஆள் எடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அந்த ஆண்டுகளில் மாணவர்களிடமிருந்து எனக்கு வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை வேலை கேட்டு வந்தவை. அவற்றைப் படித்து எச்.ஆர். துறைக்கு அனுப்பிவிடுவேன்; அதற்கு மேல் அவற்றில் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு மின்னஞ்சல் மட்டும் வேலையைக் கேட்காமல், எங்கள் குழு ஒரு குறிப்பிட்ட வேலையை எப்படிச் செய்கிறது என்பதைப் பற்றிச் சற்று நேரம் பேச முடியுமா என்று கேட்டு வரும். அதற்கு நானே பதில் எழுதுவேன்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. திருமங்கலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மின்னணுவியல் படித்த மாணவி ஒருவர், அப்படி ஒரு மின்னஞ்சலை எழுதி, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். அவர் எழுதியது வேறொரு நிறுவனத்தின் மேலாளருக்கு. முதல் வரைவு முதல் பதில் வந்தது வரை நடந்ததை, அவர் சம்மதத்துடன், இங்கே படிப்படியாக எடுத்துக்கொள்கிறேன்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பணியமர்த்தும் மேலாளர் என்பவர் எச்.ஆர். அதிகாரி அல்லர். எந்தக் குழுவில் இடம் காலியாக இருக்கிறதோ, அந்தக் குழுவை நடத்துபவர் அவர். தேர்வாகிறவர் நாளை அவரிடம்தான் வேலை பார்க்கப் போகிறார்; நேர்காணலில் தொழில்நுட்பக் கேள்விகளைக் கேட்பதும் பெரும்பாலும் அவரே. சம்பளம், சான்றிதழ், பணியில் சேரும் தேதி, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பவை எச்.ஆர். துறையின் கேள்விகள். அவற்றை மேலாளரிடம் கேட்டால், அவர் மின்னஞ்சலை அங்கே அனுப்பிவிட்டு மறந்துவிடுவார். குழு அன்றாடம் என்ன செய்கிறது, புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் எதைத் தொடுவார், எந்தக் கருவியில் சோதிக்கிறார்கள் என்பவற்றுக்கு அவரால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

இந்த மின்னஞ்சல் பயன்படாத இடங்களும் உண்டு. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரி வளாகத்துக்கு வந்து நூற்றுக்கணக்கானவர்களை மொத்தமாக எடுக்கும்போது, யார் எந்தக் குழுவுக்குப் போவார்கள் என்பது பயிற்சி முடிந்த பிறகே முடிவாகும். அங்கே எழுதுவதற்கு ஒரு குழுவும் இல்லை, ஒரு மேலாளரும் இல்லை. அதேபோல, ஒரு நிறுவனம் உங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல் வழியாக ஏற்கெனவே தேர்வு நடத்திக்கொண்டிருந்தால், நேரடியாக எழுதுவது பல கல்லூரிகளில் விதிமீறலாகக் கருதப்படும். முதலில் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தேர்வு நடக்கும் நாட்களில் ஒரு விண்ணப்பதாரரிடம் மட்டும் தனியாகப் பேசுவது முறையாகாது என்று மேலாளரே மறுத்துவிடவும் கூடும். அந்த மறுப்பு நியாயமானது. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பு எழுதுவதே நல்லது.

சிறிய, நடுத்தர நிறுவனங்களில்தான் இது நன்றாகப் பலிக்கிறது. கப்பலூரில் ஐந்து முதல் இருபது பேர் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. அங்கே மேலாளர் பெயரைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு கடினமில்லை. நிறுவனத்தின் இணையதளம், லிங்க்டின், கல்லூரிக்கு வந்து உரையாற்றியவர்களின் பட்டியல், மதுரை மடீட்சியா அரங்கில் நடக்கும் தொழிற்கண்காட்சிகளில் கிடைக்கும் விசிட்டிங் கார்டு, அங்கே வேலை பார்க்கும் மூத்த மாணவர் என வழிகள் பல. முகவரி கிடைக்கவில்லை என்றால், ஊகித்து நான்கைந்து முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். அதில் ஒன்று வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தால், மேலாளரை அடையும்போது அது தவறாக வந்த கடிதமாகத்தான் தெரியும்.

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி வேண்டும்

இதில்தான் அந்த மாணவியுடன் அதிக நேரம் செலவிட்டேன். "உங்கள் குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆர்வமாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எல்லாம்தான் சார்" என்றார். எல்லாவற்றையும் கேட்பவருக்கு மேலாளர் எதிலிருந்து தொடங்குவார்? பதினைந்து நிமிடத்தில் பதில் முடியாத கேள்விக்கு அவர் பதினைந்து நிமிடம் ஒதுக்க மாட்டார்.

அவர் எழுதவிருந்த குழு, போர்வெல் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரிப்பது. அவருடைய இறுதியாண்டுப் புராஜெக்டும் அதையொட்டியதே. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் அவர் மாமாவின் தோட்டத்தில், கிணற்றில் நீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடிக் காயில் கருகியது. அதைத் தடுக்க, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை ஒரு சி.டி. காயில் மூலம் அளந்து, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டரை விடுவிக்கும் சிறு சுற்று ஒன்றைச் செய்திருந்தார். நீரைத் தள்ளும் சுமை இல்லாதபோது மோட்டார் குறைந்த மின்னோட்டமே இழுக்கும் என்பது இதன் அடிப்படை.

பகலில் அது சரியாக வேலை செய்தது. நள்ளிரவில் சில நாள் ஏமாற்றியது: நீர் இல்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பதிவேட்டைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஊரில் மின்சாரப் பயன்பாடு குறைந்த இரவு நேரத்தில் மின்னழுத்தம் ஏறியிருந்தது. மின்னழுத்தம் ஏறினால், சுமை இல்லாமல் சுழலும் மோட்டாரும் கூடுதலாக மின்னோட்டம் இழுக்கும். அவர் வைத்திருந்த எல்லைக்குக் கீழே அது இறங்கவே இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கே கேள்வி கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட பெட்டியைத் தயாரிக்கும் குழு, ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பார்க்கிறதா, அல்லது தோட்டங்களுக்குப் போய்ப் பார்க்கிறதா? அந்தச் சோதனையைக் குழுவில் யார் செய்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு அதில் பங்கு உண்டா? இரண்டும் கூகுளில் கிடைக்காத பதில்கள். அந்த மேலாளர் காகிதத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடியவை.

உங்கள் கேள்வியை இந்த இரண்டு அளவைகளில் நிறுத்திப் பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலேயே பதில் இருந்தால் அது தோற்றுவிடும். நிறுவனத்தின் ரகசியத்தைக் கேட்டாலும் தோற்றுவிடும். "அந்த எல்லையை எந்தச் சமன்பாட்டில் கணக்கிடுகிறீர்கள்?" என்பது இரண்டாவது வகை, அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது, கேட்டதற்காகத் தயங்கவும் செய்வார்.

முதல் வரைவும் அதில் இருந்த பிழைகளும்

அவர் கொண்டுவந்த வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இறுதியாண்டு மாணவி. என் மதிப்பெண் சராசரி 8.4. சிறுவயது முதலே மின்னணுவியலில் எனக்குப் பேரார்வம் உண்டு. தங்கள் மேலான நிறுவனத்தின் குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெரிதும் விரும்புகிறேன். தங்களுக்கு நேரம் இருக்கும்போது பேச வாய்ப்பளித்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன். என் ரெஸ்யூம் இணைக்கப்பட்டுள்ளது. தகுந்த வாய்ப்பு இருந்தால் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பணிவு குறையவும் இல்லை. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட அதே அச்சில் இது வார்க்கப்பட்டிருக்கிறது. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி "தேங்கிங் யூ" என்று முடியும் அச்சு அது. விடுப்பு விண்ணப்பத்தைப் படிப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும். இங்கே படிப்பவர் தன் நாளில் ஒரு இடத்தைக் காலி செய்து தர வேண்டும்.

மிகப் பெரிய பிழை, பேச்சைக் கேட்டுத் தொடங்கிய கடிதம் வேலையைக் கேட்டு முடிவது. ரெஸ்யூமை இணைத்து, வாய்ப்பிருந்தால் பரிசீலிக்கச் சொன்ன அந்த நொடியில், மேலாளரின் கண்ணுக்கு இது வேலை விண்ணப்பமாகிவிடுகிறது. பேசக் கேட்டது அதற்கு ஒரு முகமூடிபோலத் தோன்றும், மாணவியின் மனதில் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும். பிறகு அது எச்.ஆர். துறைக்குப் போகும். ஆகவே இணைப்பை எடுத்துவிடச் சொன்னேன். மாணவி யார் என்று மேலாளர் பார்க்க விரும்பினால் கையெழுத்துக்குக் கீழே உள்ள லிங்க்டின் முகவரி போதும்.

அடுத்தது, "தங்களுக்கு நேரம் இருக்கும்போது". மரியாதையாகச் சொல்வதாக நினைத்து எழுதுகிறோம். ஆனால் நாட்காட்டியைத் திறந்து இடம் தேடும் வேலையை அவர் தலையில் வைக்கிறோம். எவ்வளவு நேரம் வேண்டும் என்பதும் அதில் இல்லை. ஒரு மணி நேரமாகிவிடுமோ என்ற ஐயம் எழுந்தால், பதில் நாளைக்குத் தள்ளிப் போகும், பிறகு மறந்தே போகும்.

மதிப்பெண் சராசரியும் சிறுவயது ஆர்வமும் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. இரவில் ஏமாற்றிய அந்தச் சுற்றைப் பற்றிய இரண்டு வரிகள் அவரைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடும்.

அழைக்கும் பெயர்

இது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் நம் பக்கத்தில் அடிக்கடி தவறும் இடம். ஆங்கிலக் கடித முறையில் கடைசிப் பெயருக்கு முன் "மிஸ்டர்" போடப் பழகியிருக்கிறோம். நம்மில் பலருக்குக் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் அல்ல, தந்தையின் பெயர். லிங்க்டினில் இரண்டு பெயர்கள் இருப்பதைப் பார்த்து இரண்டாவதற்கு முன் "மிஸ்டர்" போட்டால், மேலாளரின் அப்பாவுக்குக் கடிதம் எழுதியதாகிவிடும். அவருடைய சொந்தப் பெயர் எது என்பதை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பின் "சார்" அல்லது "மேடம்" சேர்ப்பது மதுரை வட்டாரத்தில் எந்த அலுவலகத்திலும் இயல்பாகவே இருக்கும். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால், முழுப் பெயரையும் எழுதி "வணக்கம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரும் அப்படித்தான். அனுப்புநர் பெயராகத் திரையில் தெரிவதும், கடித முடிவில் எழுதுவதும், பின்னாளில் விண்ணப்பத்தில் இடம்பெறுவதும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து உங்கள் விண்ணப்பம் வரும்போது, பேசிய மாணவி இவர்தான் என்று அவர் அடையாளம் காண அதுவே வழி. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் முடங்கிவிடக்கூடும் என்பதால், பெயர் மட்டுமே கொண்ட சொந்த முகவரியிலிருந்து எழுதுவது பாதுகாப்பானது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு நேரங்களைத் தேதியோடும் கிழமையோடும் கொடுங்கள். "வரும் சனிக்கிழமை" என்றால், வெள்ளிக்கிழமை படிப்பவருக்கு அது நாளையா அடுத்த வாரமா என்று விளங்காது.

கொடுக்கும் நேரத்தில் உங்களால் உண்மையில் பேச முடியுமா என்பதையும் பாருங்கள். இந்த மாணவி மாலை நாலரை மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி ஆறு மணிக்கு மேல்தான் வீடு சேர்வார். பேருந்தின் இரைச்சலில் ஒரு வாக்கியமும் கேட்காது. ஆனாலும் முதல் வரைவுக்குப் பின் அவர் எழுதிய நேரம் மாலை ஐந்து மணி. அலுவலகம் முடியும் வேளை என்பதால் மேலாளருக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தாராம். கப்பலூரில் பல நிறுவனங்கள் சனிக்கிழமையும் இயங்குகின்றன, அவருக்கு அன்று கல்லூரி இல்லை. ஆகவே சனிக்கிழமை காலையை முதலிலும், ஒரு நாள் மாலை ஆறரைக்குப் பிந்தைய நேரத்தை இரண்டாவதாகவும் வைத்தோம்.

உற்பத்தி நிறுவனங்களில் மாதக் கடைசி நாட்கள் சரக்கு அனுப்பும் அவசரத்தில் கழியும். அந்த நாட்களைக் கேட்காதீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதையும், அதையொட்டிய நாட்களில் பலர் ஊரில் உறவினர்களோடு இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அனுப்பிய மின்னஞ்சல்

முதலில் தமிழிலேயே எழுதச் சொன்னேன். தனக்கு என்ன வேண்டும் என்பது தாய்மொழியில் தெளிவானால், பிறகு ஆங்கிலத்தில் மனப்பாட வாக்கியங்கள் தேவைப்படுவதில்லை. பொருள் வரியும் உடலும் இப்படி அமைந்தன:

> பொருள்: வறண்ட ஓட்டச் சோதனை: 15 நிமிடம் பேச முடியுமா?
>
> (பெயர்) சார், வணக்கம்.
>
> நான் திருமங்கலம் பக்கத்துக் கல்லூரியில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். போர்வெல் மோட்டார் நீரின்றி ஓடுவதை மின்னோட்டத்தைக் கொண்டு கண்டறியும் சுற்று ஒன்றை உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பொருத்தியிருக்கிறேன். பகலில் சரியாக இயங்குகிறது. இரவில் மின்னழுத்தம் ஏறும்போது தவறவிடுகிறது.
>
> தங்கள் குழு இத்தகைய பெட்டிகளைத் தயாரிப்பதை இணையதளத்தில் பார்த்தேன். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் சோதிக்கும் வேலை தங்கள் குழுவில் எப்படி நடக்கிறது, புதிதாகச் சேர்பவர்கள் அதில் எந்தப் பகுதியைச் செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். வெளியில் சொல்லக் கூடாதவற்றை நான் கேட்கவில்லை.
>
> 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணிக்குள், அல்லது 18-ஆம் தேதி புதன்கிழமை மாலை 6.30-க்குப் பிறகு, தொலைபேசியில் 15 நிமிடம் பேச முடியுமா? இரண்டும் வசதிப்படாவிட்டால், குழுவில் வேறு ஒருவரிடம் பேசச் சொன்னாலும் எனக்கு உதவியாக இருக்கும்.
>
> நன்றி.
> (இனிஷியலுடன் பெயர், கல்லூரி, கைபேசி எண், லிங்க்டின் முகவரி)

பொருள் வரியைக் கவனியுங்கள். கைபேசித் திரையில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதால், அவருடைய தொழிலைச் சேர்ந்த சொல்லே முதலில் நிற்கிறது. "மாணவியின் பணிவான வேண்டுகோள்" என்று இருந்தால் அதே இடத்தில் அவருக்கு எந்தச் செய்தியும் இருந்திருக்காது. கடைசி வாக்கியம் கடிதத்தின் மிகப் பயனுள்ள வரிகளில் ஒன்று. முடியாது என்று எழுதத் தயங்கிப் பதிலே போடாமல் விடுகிறவருக்கு, அது எளிதான மூன்றாவது வழியைக் கொடுக்கிறது.

உரக்க ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் நீளம். பிறகு வார நாளின் காலையில் அனுப்புங்கள். இரவில் எழுதியதை ஜிமெயிலின் Schedule send மூலம் மறுநாள் காலைக்கு வைக்கலாம்.

பதில் வரும் வரையும் வந்த பிறகும்

ஏழு வேலை நாட்கள் காத்திருங்கள். பதில் இல்லையென்றால், புதிய மின்னஞ்சல் தொடங்காமல், அனுப்பியதற்கே பதில் போடுவதுபோல இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: முன்பு எழுதியதை நினைவூட்டி, புதிதாக இரண்டு நேரங்களைத் தாருங்கள். "பதில் வரவில்லையே" என்ற குறை தொனிக்க வேண்டாம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் கேட்பது, அதுவரை காத்த மரியாதையைக் கெடுத்துவிடும்.

இந்த மாணவிக்கு நான்காவது நாள் ஒரே வரியில் பதில் வந்தது: சனிக்கிழமை பதினொரு மணிக்கு அழைக்கவும், இரவுப் பதிவுகள் கையில் இருக்கட்டும் என்று. உடனே, நேரத்தை உறுதிசெய்து இரண்டு வரி எழுதினார். யார் யாரை அழைப்பது என்பதையும் அதில் தெளிவாக்கினார். அவரே அழைக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்ததால், பதினொரு மணிக்குச் சரியாக அழைத்தார்.

முதல் பன்னிரண்டு நிமிடம் மேலாளர் பேசினார். மேசையில் ஒரு டிம்மர்ஸ்டாட் வைத்து மின்னழுத்தத்தைத் திருகி ஏற்றி இறக்கிப் பார்ப்பதாகவும், ஆனால் தோட்டத்தில் நடப்பவை எல்லாம் மேசையில் வந்துவிடுவதில்லை என்பதால் சில பெட்டிகளைக் கிராமங்களில் மாதக்கணக்கில் ஓட விடுவதாகவும், அந்தப் பதிவுகளைப் படித்துப் பிரிப்பதுதான் புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வேலை என்றும் சொன்னார். பதினான்காம் நிமிடத்தில் மாணவி, "கேட்ட நேரம் முடிகிறது சார், முடித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். அதன் பிறகு மேலாளரே இன்னும் பத்து நிமிடம் தொடர்ந்தார். பேச்சில் ஒருமுறையும் வேலை பற்றி மாணவி கேட்கவில்லை. இடம் காலியாக இருப்பதையும் எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் கடைசியில் மேலாளரே சொன்னார். எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. சொல்லாவிட்டால், "இப்படிப்பட்ட வேலைக்கு நான் இன்னும் எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

அன்று மாலையே நன்றி மின்னஞ்சல் போனது. "தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி" என்று மட்டும் எழுதாமல், எல்லை அளவை நிலையாக வைக்காமல் மின்னழுத்தத்தையும் சேர்த்து அளந்து மாற்றிப் பார்க்கப் போவதாக ஒரு வாக்கியம் சேர்த்தார். மூன்று வாரம் கழித்து விண்ணப்பித்தபோது, கடிதத்தில் அந்த உரையாடலைக் குறிப்பிடலாமா என்று முதலில் மேலாளரிடம் கேட்டார். குறிப்பிடலாம் என்று பதில் வந்த பிறகே, "14-ஆம் தேதி இந்தக் குழுவின் சோதனை முறை பற்றித் தங்கள் மேலாளருடன் பேசினேன்" என்று எச்.ஆர். துறைக்கு எழுதினார். அதோடு, திருத்திய சுற்று ஐந்து இரவுகள் தவறாமல் இயங்கிய பதிவையும் இணைத்தார்.